சுவர் விளையாட்டு: விலை குறைந்த செட்டை வாங்கலாமா?

கேள்வி: குவோரிடர் என்ற சுவர் வைத்து வழி மறிக்கும் விளையாட்டை வாங்க நினைக்கிறேன். அதே மாதிரி தோற்றத்தில் பாதி விலைக்கு மரச் செட்டுகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. அவற்றை நம்பி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். சேர்ந்து ஆட முடியுமா?

பதில்: விலை குறைவு என்பதற்காக ஒதுக்க வேண்டாம். ஆனால் சுவரின் நீளம் சரியாக இல்லாத செட்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். இந்த விளையாட்டின் உயிர் அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

மிர்கோ மார்கேசி வடிவமைத்த இதை பிரான்சின் ஜிகாமிக் நிறுவனம் 1997இல் வெளியிட்டது. பலகையில் 9க்கு 9, அதாவது 81 கட்டங்கள். சுவர்கள் 20, காய்கள் 4. இருவர் ஆடினால் ஆளுக்கு 10 சுவர், நால்வர் ஆடினால் ஆளுக்கு 5. மூவர் ஆட்டத்துக்கு இதில் விதி கிடையாது. உங்கள் வீட்டில் இருவர் ஆட, ஒருவர் காத்திருந்து மாற வேண்டியதுதான்.

விளம்பரப் படத்தில் முதலில் கட்டங்களை எண்ணுங்கள். ஒரு வரிசைக்கு 8 கட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு சுவர் இரண்டு கட்டங்களை மறைக்கும். 9 கட்ட வரிசையில் குறுக்காக நான்கு சுவர் வைத்தாலும் ஒரு கட்டம் திறந்தே இருக்கும்; அந்தச் சந்தை அடைக்க நெடுக்குச் சுவரைத் தேட வேண்டும். ஆட்டத்தின் பாதி யோசனை அங்கேதான் பிறக்கிறது. ஒற்றைப்படையாக இருப்பதால்தான் காய் நடுக்கட்டத்திலிருந்து கிளம்பவும் முடிகிறது.

செட் கைக்கு வந்ததும் ஒரு ஸ்கேலை எடுங்கள். கட்டத்தின் அகலம் 25 மி.மீ., இடையே ஓடும் காடி 4 மி.மீ. என்றால் சுவர் 54 மி.மீ. இருக்க வேண்டும்: இரண்டு கட்டமும் நடுவில் ஒரு காடியும். அதைவிட நீண்டால் சுவரின் நுனி காடிகள் சந்திக்கும் இடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும்; அங்கே இன்னொரு சுவர் மூலை சேர வராது. மிகவும் குட்டையாக இருந்தால் மூலையில் இடைவெளி தெரியும்; ‘இந்த வழியாகப் போகலாமா’ என்று சண்டை வரும்.

அந்த மூலை எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் ஆட்ட நிலையை வைத்துப் பார்க்கலாம். எதிராளியின் காய் 6ஆம் நிரலில் நிற்கிறது. அதற்கு முன்னால் 4, 5 கட்டங்களை மறைத்து ஒரு சுவர், 6, 7 கட்டங்களை மறைத்து இன்னொன்று. அந்தச் சுவர்களின் இடது முனையில், 3க்கும் 4க்கும் நடுவே, காய் நிற்கும் வரிசையையும் அதற்குப் பின் வரிசையையும் மறைத்து ஒரு நெடுக்குச் சுவர். இப்போது அவர் வலப்பக்கம் இரண்டு கட்டம் நகர்ந்தால் 8ஆம் நிரலுக்கு வந்து முன்னேறிவிடலாம். நீங்கள் 7க்கும் 8க்கும் நடுவே அதே போல நெடுக்காக ஒரு சுவர் வைக்கிறீர்கள். அவர் இரண்டு கட்டம் பின்னால் போய், இரண்டு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து, மறுபடி இரண்டு கட்டம் முன்னே வர வேண்டும். 2 நகர்வு 6 ஆகிவிட்டது. ஒரே சுவரில் 4 லாபம்.

ஒரு முறைக்கு ஒன்று காயை நகர்த்தலாம், அல்லது ஒரு சுவர் வைக்கலாம். எதிராளிக்கு 1 நகர்வு மட்டும் கூட்டும் சுவர் என்றால் நீங்களே ஒரு கட்டம் முன்னேறியிருந்தாலும் அதே பலன்தான். சுவர் மட்டும் வீணாகிறது. அதனால் 2 அல்லது அதற்கு மேல் கூட்டும் இடத்துக்குத்தான் சுவர். வைக்கும் முன் உங்கள் பாதையையும் எண்ணிவிடுங்கள். அவருக்கு 3 கூடி உங்களுக்கும் 3 கூடினால் பயனில்லை. யாருக்கும் வழியே இல்லாமல் முழுதாக அடைப்பதற்கு விதி இடம் தராது.

மேலே சொன்ன ஆட்ட நிலையில் நெடுக்குச் சுவர் மூலையில் இறங்காமல் இடித்தால் அந்த 4 லாபமும் போச்சு. அதனால் வாங்கியதும் அந்த நான்கு சுவர்களையும் அப்படியே நிறுத்திப் பாருங்கள். பிறகு, இரண்டு சுவர்களை ஒரே கோட்டில் வைத்து அவற்றின் சந்தின் வழியாக மூன்றாவதைக் குறுக்கே இறக்குங்கள். விதிப்படி அது செல்லும், ஆகவே கையாலும் இறங்க வேண்டும். கடைசியாகப் பலகையைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். சுவர்கள் சரிந்து விழுந்தால் காடி ஆழமில்லை என்று அர்த்தம். ஆட்டத்தின் நடுவில் கை பட்டு விழுந்த சுவர் எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இறுக்கமாக இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுவரின் தடிமனைத் தேய்த்துக் கொள்ளலாம். தளர்வாக இருந்தால் வீட்டில் சரிசெய்வது கடினம்.

சுவர் எண்ணிக்கை குறைந்தாலோ விளம்பரத்தில் சொன்ன அளவு இல்லாவிட்டாலோ, ஸ்கேல் பக்கத்தில் தெரியும்படி படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது விளம்பரத்துக்குப் பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.