இசிஜி தாளில் ‘சைனஸ் டாக்கிகார்டியா, எஸ்டி-டி சேஞ்சஸ்’: உடனே எக்கோ எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது. ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எடுத்த இசிஜியில் ரேட் 112, பிஆர் 138, க்யூஆர்எஸ் 84, க்யூடி/க்யூடிசி 340/464 என்றும், அதன் கீழே ‘சைனஸ் டாக்கிகார்டியா, நான்ஸ்பெசிஃபிக் எஸ்டி-டி சேஞ்சஸ், பார்டர்லைன் ப்ரோலாங்டு க்யூடி, அப்நார்மல் இசிஜி’ என்றும் அச்சாகியிருக்கிறது. நெஞ்சுவலி கிடையாது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் களைத்துவிடுகிறாள். உடனே எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட வேண்டுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: அவசரமாக வேண்டாம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, நிதானமாகப் படுக்கவைத்து எடுக்கும் இன்னொரு இசிஜி, இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பொது மருத்துவரைப் பார்ப்பது, இவ்வளவு போதும். எக்கோ தேவையா என்பது அதற்குப் பிறகு தெரிந்துவிடும்.

அந்த வரிகளை எழுதியது டாக்டர் இல்லை, மெஷினுக்குள் இருக்கும் ஒரு புரோகிராம். தாளின் ஓரத்தில் ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் இன்னும் பார்த்து ஒப்புதல் தரவில்லை என்று அதற்குப் பொருள். கோடுகளின் நீளத்தையும் உயரத்தையும் அளப்பதில் இந்த புரோகிராம் கெட்டிதான். ஆனால் உங்கள் மனைவிக்கு நெஞ்சுவலி இல்லை என்பதோ, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதோ, காலையிலிருந்து வெறும் வயிற்றில் வரிசையில் நின்றார் என்பதோ அதற்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் விட்டுவிடாமல் எழுதிவிட வேண்டும் என்ற போக்கிலேயே இவற்றை அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த ‘அப்நார்மல் இசிஜி’ இவ்வளவு எளிதாக அச்சாகிவிடுகிறது. மேலே சொன்ன வரிகளில் ஒன்று வந்தாலே கடைசி வரி தானாக வந்துவிடும். அது தனியாக ஒரு நோயைச் சொல்லவில்லை.

இப்போது சைனஸ் டாக்கிகார்டியா. இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் நோடு என்ற ஒரு சிறு திசு இருக்கிறது. துடிப்பு அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். ‘சைனஸ்’ என்று போட்டிருந்தால் துடிப்பு சரியான இடத்திலிருந்து, சரியான வழியில் வருகிறது என்று மெஷின் சொல்கிறது. ‘டாக்கிகார்டியா’ என்றால் நிமிடத்துக்கு 100-க்கு மேல். ஆக, துடிப்பின் வழி சரி, வேகம்தான் கூடுதல். இதயத்துக்கு வெளியே ஏதோ ஒன்று அதை விரட்டுகிறது என்பதுதான் பெரும்பாலும் இதன் அர்த்தம். துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் மில்லிசெகண்டுகளான பிஆர் 138 என்பதும் (120 முதல் 200 வரை இயல்பு), கீழறைகளில் அது பரவ எடுக்கும் க்யூஆர்எஸ் 84 என்பதும் (120-க்குள் இருக்க வேண்டும்) இதய மின்பாதையில் தடை ஏதும் இல்லை என்று காட்டுகின்றன. இந்த இரண்டு எண்களும் நல்ல செய்தி. ஆனால் நல்ல செய்தியை மெஷின் வாக்கியமாக எழுதுவதில்லை.

வேகத்தை நீங்களே சரிபார்க்கலாம். தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். அது கீழே அச்சாகியிருக்கும். இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவே எத்தனை சின்னக் கட்டங்கள் என்று எண்ணி, 1500-ஐ அதால் வகுத்தால் துடிப்பு வேகம் வரும். உங்கள் தாளில் 13-க்கும் 14-க்கும் இடையில் வர வேண்டும். ஒவ்வொரு உயர முனைக்கும் முன்னால் ஒரு சிறு மேடு, பி அலை, தவறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் சைனஸ் என்று மெஷின் சொன்னதில் அநேகமாகப் பிழை இல்லை. மெஷின் ஏமாறும் ஒரு இடம் உண்டு: வேகம் 150-ஐ ஒட்டி அசையாமல் அப்படியே நிற்கும்போது, ஏட்ரியல் ஃப்ளட்டர் என்ற வேறு தாளக் கோளாறை அது சைனஸ் என்று எழுதிவிடலாம். 112-இல் எனக்கு அந்தச் சந்தேகம் அதிகம் இல்லை. படுத்து ஓய்வெடுக்கும்போது வேகம் மெல்ல மெல்ல இறங்கினால் அது சைனஸ்தான்.

அடுத்த வரிதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கும். இதயம் சுருங்கியதற்கும் அடுத்த துடிப்புக்குத் தயாராவதற்கும் இடையே கோடு கொஞ்ச நேரம் சமதளமாக ஓடும், அதுதான் எஸ்டி. அதையடுத்து வரும் வளைந்த மேடு டி அலை. மாரடைப்பிலும் இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோதும் எஸ்டி மேலேறும் அல்லது கீழிறங்கும் என்பதால்தான் அந்த எழுத்துகளைக் கண்டாலே பதறுகிறோம். ஆனால் அப்படி ரத்தக்குறைவைச் சொல்லும் மாற்றத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. இதயத்தை ஒவ்வொரு கோணத்திலிருந்து பார்த்து வரையும் கோட்டை லீடு என்பார்கள்; இதயத்தின் ஒரே பகுதியைப் பார்க்கும், அடுத்தடுத்த லீடுகளில் அது சேர்ந்து வரும். இறங்கினால் தட்டையாகவோ சரிந்தோ இறங்கும். பழைய இசிஜியில் இருக்காது, புதிதாக வந்திருக்கும். ‘நான்ஸ்பெசிஃபிக்’ என்று மெஷின் எழுதுவது இந்த அடையாளம் பொருந்தாதபோதுதான். அரை மில்லிமீட்டர் இறக்கம், கொஞ்சம் தட்டையான டி அலை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. எந்த நோயையும் குறிப்பாகச் சுட்டாத மாற்றம் என்று பொருள்.

இது எதனாலெல்லாம் வரும்? வேகமான துடிப்பே ஒரு காரணம். வேகம் கூடும்போது மேலறைகளின் மின்னோட்டம் அடங்கும் அலை எஸ்டி-யின் மேல் ஏறிக்கொண்டு, அதன் தொடக்கத்தைக் கீழே இழுத்து, அங்கிருந்து கோடு மேல்நோக்கிச் சாய்வதுபோல் காட்டும். அப்புறம் பொட்டாசியம் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, சில மாத்திரைகள், பதற்றத்தில் வேக வேகமாக மூச்சு விடுவது. சாப்பிட்ட கையோடு எடுத்தால்கூட டி அலை தட்டையாகும். எடுத்த விதத்தையும் விட முடியாது. மார்பில் ஒட்டும் முதல் இரண்டு முனைகள் நான்காவது விலா இடைவெளியில் இருக்க வேண்டும். கேம்ப் அவசரத்தில், அதுவும் பெண்களுக்கு எடுக்கும்போது, கூச்சத்தில் மேலே தள்ளி வைத்துவிடுவது சகஜம். ஜெல் காய்ந்திருந்தாலோ கை நடுங்கினாலோ அடிக்கோடே மேலும் கீழும் அலையும். அலையும் கோட்டில் அரை மில்லிமீட்டரை அளப்பதில் அர்த்தமில்லை.

க்யூடி வரியை அநேகமாக மறந்துவிடலாம். காரணம் கணக்கில் இருக்கிறது. கீழறைகளில் மின்னோட்டம் பரவத் தொடங்கி முழுதும் அடங்கும் வரை ஆகும் நேரம்தான் க்யூடி. அது துடிப்பு வேகத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் மெஷின் அதைத் திருத்தி க்யூடிசி என்று தருகிறது. பெரும்பாலான மெஷின்கள் இதற்கு பேசட் என்பவரின் பழைய சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன: க்யூடியை, இரு துடிப்புகளுக்கு இடையிலான நொடிகளின் வர்க்கமூலத்தால் வகுப்பது. 112 வேகத்தில் அந்த இடைவெளி 0.536 நொடி, வர்க்கமூலம் 0.732. 340-ஐ அதால் வகுத்தால் 464. பெண்களுக்கு 460 வரை இயல்பு என்பதால் ‘பார்டர்லைன்’ வந்துவிட்டது. வேகம் 90-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் எண்ணை ஊதிக்காட்டும் என்பது தெரிந்த விஷயம். கனமூலத்தை எடுக்கும் ஃப்ரிடெரிசியா சூத்திரத்தில் இதே 340-ஐப் போட்டால் சுமார் 419 வருகிறது, அது இயல்பு. திடீர் மயக்கம், குடும்பத்தில் இளவயது திடீர் மரணம், க்யூடியை நீட்டும் மருந்துகள் இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் இந்த வரியை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஆக நான்கு வரிகளில் பெரும்பாலும் ஒன்றிலிருந்துதான் மற்ற மூன்றும் பிறந்திருக்கின்றன. கேட்க வேண்டியது, 112 ஏன் என்பதுதான். இரவு முழுக்கப் பட்டினி, தண்ணீர் குறைவு, ஊசிக்குப் பயம், படியேறி வந்து உடனே படுத்தது, இவையே போதும் என்று சொல்லியிருப்பேன். மூச்சு வாங்குவதும் களைப்பும் இருப்பதால் அங்கே நிறுத்த மனமில்லை. 36 வயதுப் பெண்ணிடம் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் தேடுவது ரத்தசோகையை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8, 9 என்று இறங்கும்போது, இருக்கிற ரத்தத்தை வேகமாகச் சுற்றவிட்டு ஈடுகட்ட இதயம் பார்க்கிறது. செக்கப் பேக்கேஜில் ஹீமோகுளோபினையும் ரத்த அணுக்களையும் எண்ணிச் சொல்லும் சிபிசி எடுத்திருப்பார்கள். இசிஜியை வைத்துக்கொண்டு கவலைப்படுவதற்கு முன்னால் அதே ஃபைலில் அந்தத் தாளைத் தேடுங்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்றும் கேளுங்கள், சொல்லாமலேயே இருந்திருக்கலாம். ஹீமோகுளோபின் குறைவு என்றால் உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், எப்படியானாலும் தைராய்டுக்கான டிஎஸ்எச், பொட்டாசியம், சர்க்கரையும் பார்க்க வேண்டும். கர்ப்பம் இருக்க வாய்ப்பிருந்தால் அதையும். இருமல், சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், ஒரு நாளைக்கு எத்தனை காபி என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இதற்கிடையில் மூன்று நாள் காலையில், எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் நாடியை எண்ணச் சொல்லுங்கள். 70, 80 என்று வந்தால் அன்றைய 112 அன்றைய சூழ்நிலைக்கு உரியது. அப்போதும் 100-ஐ ஒட்டியே இருந்தால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். மறு இசிஜியைக் காபி குடிக்காமல், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, பத்து நிமிடம் படுத்த பிறகு எடுங்கள். வேகம் இறங்கியதும் எஸ்டி மாற்றமும் மறைந்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்தது. மறையாவிட்டாலோ, ஸ்டெதாஸ்கோப்பில் முணுமுணுப்பு கேட்டாலோ, ரத்தம் சரியாக இருந்தும் மூச்சு வாங்கல் நீடித்தாலோ எக்கோ எடுப்பது நியாயம். டிரெட்மில்லை மட்டும் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்த வயதுப் பெண்களுக்கு அதில் பொய்யான பாசிட்டிவ் அதிகம், ரத்தசோகை இருந்தால் இன்னும் குழப்பும். பிறகு ஆஞ்சியோ வரை இழுத்துக்கொண்டு போகும். அதேபோல் காரணம் தெரியாமல் வேகத்தை மட்டும் குறைக்க ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரையைத் தொடங்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. எண் இறங்கும், காரணம் அப்படியே கிடக்கும்.

இவ்வளவும் அறிகுறி திடீரென்று வராதவருக்குச் சொன்னது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இருக்கும்போது இதே வரிகள் அச்சானால் காத்திருக்கக் கூடாது. மாரடைப்பின் ஆரம்பத்தில் இசிஜி இப்படிச் சாதாரணமாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சிறிது நேரம் விட்டு மறுபடி எடுத்து, இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் பார்க்கிறார்கள். திடீர் மூச்சுத்திணறலோடு ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால், குறிப்பாக அண்மையில் பிரசவமோ ஆபரேஷனோ நடந்திருந்தாலும், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டாலும், நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம். அதில் இசிஜி காட்டுவது பல நேரம் வெறும் சைனஸ் டாக்கிகார்டியாதான். காய்ச்சல் விட்ட சில நாளில் இவை வந்தால் இதயத் தசை அழற்சியையும் நினைக்க வேண்டும். மயங்கி விழுந்தாலும் காத்திருக்கக் கூடாது. இவற்றில் எதற்கும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்தத் தாளைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த முறை ஒப்பிட அதுதான் வேண்டும். இசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது, சில வருடத்தில் மங்கிவிடும்; லேமினேட் செய்யக் கொடுத்தால் சூட்டில் கறுத்தே போகும். போனில் ஒரு படம், கடையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தேதியோடு ஃபைலில் வையுங்கள்.