மாதாந்த யூனிட் ட்ரஸ்ட் கட்டணத்தை நிறுத்தினால்

“மாதம் 10,000 ரூபா யூனிட் ட்ரஸ்ட்டுக்குப் போகுது. வீட்டு வேலை தொடங்கியிட்டுது, நிறுத்தப் போறன். சேர்ந்த 4 இலட்சத்தின் வருமானமும் குறையுமோ?”

குறையாது. வாங்கிய யூனிட்டுகள் உங்கள் பெயரிலேயே இருக்கும், அவற்றின் விலை ஏறி இறங்குவது உங்கள் மாதக் கட்டணத்தைப் பார்த்து அல்ல. குறைவது கடைசியில் கையில் வரும் தொகைதான்.

ஆண்டுக்கு 10 வீதம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். இன்றோடு நிறுத்தினால் அந்த 4 இலட்சம் பத்து வருடத்தில் ஏறக்குறைய 10.4 இலட்சம். தொடர்ந்து கட்டினால் 30 இலட்சத்துக்குக் கிட்ட. ஆறு மாதம் மட்டும் விட்டுப் பிறகு தொடர்ந்தால் குறைவது ஒன்றரை இலட்சம் அளவுதான். வீட்டு வேலைக்காக என்றால் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

காசு ஸ்டாண்டிங் ஓர்டரில் போகிறதென்றால், நிதியத்துக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓர்டர் கொடுத்தது உங்கள் வங்கிக்கு, நிறுத்துவதும் அங்கேதான். உங்கள் கணக்குள்ள கிளைக்கு அடையாள அட்டையோடு போய், கணக்கு இலக்கம், தொகை, காசு போகும் திகதி மூன்றையும் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். கழியும் திகதிக்கு ஒரு கிழமை முன்னரே போவது நல்லது. கணக்கை வெறுமையாக விட்டால் தானாக நின்றுவிடும் என்று சிலர் இருப்பார்கள். ஓர்டர் திரும்பினால் வங்கி கட்டணம் வெட்டக்கூடும், பிறகு சம்பளம் விழுந்த மாதம் அது மறுபடி போகும்.

ஒன்று, திட்டம் காப்புறுதியோடு சேர்ந்ததா என்று பத்திரத்தைப் பாருங்கள். அப்படியென்றால் மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது, கட்டாமல் விட்டால் காப்புறுதியே காலாவதியாகலாம்.