அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தே ஆகணுமா, வீடியோ பார்த்து நாங்களே செய்ய வைத்தால் போதாதா?

வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். "பிழைப்புக்காகச் சொல்கிறான்" என்று யாராவது கமென்ட் போடும் முன் சொல்லிவிடுகிறேன்: பலருக்குத் தினமும் ஆள் வரத் தேவையில்லை. வாரத்தில் ஓரிரு நாள் வந்து முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, நீள்கிறது என்று அளந்து, அடுத்து என்ன செய்வது என்று சொல்லிவிட்டுப் போனாலே நடக்கும். அந்த அளவெடுப்பைத்தான் வீடியோ செய்யாது.

ஒரு வீட்டில் மூன்றாவது வாரம்தான் கூப்பிட்டார்கள். "கால் நல்லா மடங்குது சார்" என்றார் மகன், பெருமையாக. அளந்தேன், 95 டிகிரி. அந்த நேரத்துக்கு நல்ல அளவுதான். நீட்டச் சொன்னால் 15 டிகிரி பாக்கி நிற்கிறது. படுத்துக் காலை நீட்டியும் முழங்காலுக்கு அடியில் என் கை நுழைந்தது.

காரணம் கட்டிலிலேயே கிடந்தது. வலிக்காமல் இருக்க, முழங்காலுக்கு அடியில் இரவும் பகலும் ஒரு தலையணை. வீங்கிய மூட்டுக்கு லேசாக மடங்கியிருந்தால்தான் சுகம். ஆனால் அப்படியே விட்டால் பின்பக்கத் தசைகளும் மூட்டின் உறையும் அந்த நிலையிலேயே இறுகிப்போகும். பிறகு மடங்கிய காலோடுதான் நடக்க வேண்டும். தொடை சீக்கிரம் களைத்து நொண்டல் வரும். மடங்குவதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள், நீள்கிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

தலையணையை எடுத்துவிட்டு, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். முழங்கால் அந்தரத்தில் நிற்க, காலின் எடையே அதை மெல்ல நீட்டும். முதலில் 5 நிமிடம், பழகியதும் 10, பகலில் மூன்று நான்கு தடவை. அப்படியே தொடையை இறுக்கி முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். வலி மாத்திரை நேரத்தை, டாக்டரிடம் கேட்டு, பயிற்சிக்கு அரை மணி முன்னால் வரும்படி மாற்றினோம். மகன் மேலிருந்து கையால் அழுத்திக்கொண்டிருந்தார், அதை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், முந்தைய நாள் பயிற்சி அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். சில வாரங்களில் அந்த 15, 5க்கு வந்தது. மாதக்கணக்கில் விட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. பல வீடுகளில் எங்களுக்குப் பெயர் "மசாஜ் பண்றவர்". "எண்ணெய் போட்டு நல்லா உருவி விடுங்க" என்பார்கள். குறைய வேண்டிய வீக்கம் கெண்டைக்காலில் கூடிக்கொண்டே போய், சூடாகி, தொட்டால் வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம். உருவினால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உடனே ஆம்புலன்ஸ். அப்படியொரு காலைத் தொட மறுத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னதற்கு, "வேலைக்குச் சோம்பல் படுறீங்க" என்று ஒரு வீட்டில் என்னை நிறுத்தியேவிட்டார்கள்.