Repair செய்தபின் வெறுமையாகிவிட்ட ஸ்லைடுகளை மீட்பது எப்படி?

கேள்வி: பென்டிரைவில் கொண்டுவந்த பவர்பாயின்ட் கோப்பைத் திறந்தால், உள்ளடக்கத்தில் சிக்கல் என்று சொல்லி Repair செய்யச் சொல்கிறது. செய்தால் இரண்டு ஸ்லைடுகள் வெறுமையாக வருகின்றன. அவற்றை மீட்க முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். ஆனால் பழுதுபார்த்த கோப்பை அதே பெயரில் சேமித்துவிடாதீர்கள். பவர்பாயின்ட் தன்னால் படிக்க இயலாத பகுதிகளை நீக்கிவிட்டே கோப்பைத் திறக்கிறது. அதை மூலத்தின்மேல் சேமித்தால், நீக்கப்பட்டவை மூலத்திலிருந்தும் போய்விடும். எனவே முதலில் மூலக் கோப்பைக் கணினியில் நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கோப்பைத் தயாரித்த கணினி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அங்குள்ள பிரதியை மீண்டும் கொண்டுவருவதே எல்லாவற்றிலும் நல்ல வழி. Eject செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்கியதால் கோப்பு அரைகுறையாக நகலாகியிருக்கக்கூடும். இரு பிரதிகளின் அளவையும் ஒப்பிட்டால் இது தெரியவரலாம்.

கோப்பு மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்ததென்றால், அது பழுதே ஆகாமலும் இந்தச் செய்தி வரலாம். Properties பகுதியில் Unblock என்ற கட்டம் தெரிந்தால், அனுப்பியவரை நீங்கள் நம்பும் பட்சத்தில், அதைக் குறியிட்டுவிட்டுத் திறந்து பாருங்கள்.

இவை பயன்படாவிட்டால் கோப்பின் உள்ளே போக வேண்டும். pptx என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. ஆகவே நகலின் பெயரில் .pptx என்பதை .zip என்று மாற்றி விரித்தால், ppt/slides என்ற கோப்புறையில் ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி எக்ஸ்எம்எல் கோப்பாக இருக்கும். பதினான்காம் ஸ்லைடு வெறுமையாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது slide14.xml ஆகத்தான் இருக்கும் என்பதில்லை. ஸ்லைடுகளை இடம் மாற்றியிருந்தால் எண் பொருந்தாது. அதனால் ஒவ்வொன்றையும் குரோமில் திறந்து பாருங்கள்: நல்லது முழுமையாக விரியும், கட்டமைப்பு உடைந்தது எந்த வரியில் பிழை என்று மேலே காட்டும். உடைந்ததை நோட்பேடில் திறந்தால், நீங்கள் எழுதிய வாசகம் இந்த வடிவில் கிடைக்கும்:

```
<a:t>முதல் காலாண்டு வரவு</a:t>
```

இந்த வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய ஸ்லைடில் ஒட்டலாம். படங்கள் ppt/media கோப்புறையில் இருக்கும். எந்தப் படம் எந்த ஸ்லைடுக்குரியது என்பது slides/_rels கோப்புறையில், அந்த ஸ்லைடின் பெயர் கொண்ட கோப்பில் எழுதப்பட்டிருக்கும். எழுத்துகளும் படங்களும் திரும்பிவிடும். அசைவூட்டங்களையும் இட அமைப்பையும் நீங்களே மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

நல்ல ஸ்லைடுகளை நகலெடுத்துப் புதிய கோப்பு ஒன்றில் ஒட்டி, மீட்டவற்றை உரிய இடத்தில் சேர்த்து, வேறு பெயரில் சேமியுங்கள்.

ஜிப்பாக விரிக்கவே முடியாவிட்டால் நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு எழுத்துகள் PK என்று இருந்தால் 7-Zip கொண்டு விரித்துப் பார்க்கலாம். முடிவு அறுந்துபோன கோப்பிலும் எஞ்சியதை அது பெரும்பாலும் எடுத்துத் தரும். கோப்பு முழுவதும் வெற்றிடமாகவே தெரிந்தால் அதில் தரவே எழுதப்படவில்லை; எந்த மென்பொருளாலும் அதிலிருந்து எதையும் எடுக்க இயலாது.