தலைப்பு வாதத்தைத் தாண்டுகிறதா?

கேள்வி: 'மும்பைத் தமிழர் வரலாறு' என்று மலருக்குக் கட்டுரை எழுதினேன். உள்ளே பெரும்பாலும் திருநெல்வேலியிலிருந்து தாராவி தோல் பட்டறைகளுக்கு வந்தவர்கள்தான். தலைப்பு பொருந்துமா?

பொருந்தாது. தலைப்பை மறைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியும் எதை நிறுவுகிறது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரிகள் சேர்ந்ததுதான் உங்கள் வாதம். பிறகு தலைப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பத்தி பொறுப்பு என்று தேடுங்கள். 'மும்பைத் தமிழர்' என்றால் மாட்டுங்காவில் குடியேறியவர்களையும் வாசகர் எதிர்பார்ப்பார். அவர்களுக்கென்று கடைசியில் ஒரு பத்தி ஒட்டினால் ஒட்டுத்தான் தெரியும். தலைப்பைச் சுருக்குவதே மேல்: 'நெல்லையிலிருந்து தாராவிக்கு: தோல் தொழிலாளர் குடியேற்றம்'.

'ஏன் வந்தார்கள்?' என்று வைக்கவும் ஆசை வரும். வந்த விதத்தை மட்டும் சொல்லியிருந்தால் அது கூடாது. ஊரைவிட்டுக் கிளப்பிய காரணத்தைச் சான்றோடு காட்டும் பத்தி இருந்தால் மட்டுமே 'ஏன்' போடலாம்.