குடியேற்றத் துறை கடிதத்தில் முப்பது நாளை எப்படி எண்ணுவது?

2025 மே 5, திங்கட்கிழமை காலை, திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை மாதத்தாள் காலண்டரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். கணவரைச் சார்ந்த எச்-4 விசாவில் அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகள், அங்கேயே முதுகலை படிப்பதற்காக எஃப்-1 மாணவர் நிலைக்கு மாற விண்ணப்பித்திருந்தார். அதற்கான ஐ-539 படிவத்தின் மீது, படிப்புச் செலவுக்கான பண ஆதாரங்களை முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. இவ்வகைக் கடிதத்தை ஆர்.எஃப்.இ. என்பார்கள். செலவை ஏற்பவர் தந்தை என்பதால், வங்கிக் கணக்கு அறிக்கையும், ஆடிட்டர் சான்றும், நோட்டரி கையொப்பமிட்ட உறுதிமொழிப் பத்திரமும் அவர்தான் தர வேண்டியிருந்தது. காலண்டரில் ஜூன் 3-ஐ வட்டமிட்டு வைத்திருந்தார்.

அந்தத் தேதி எப்படி வந்தது என்று கேட்டேன். கடிதத்தின் தேதி ஏப்ரல் 21. அதற்கு மறுநாளிலிருந்து சனி, ஞாயிறுகளையும், அமெரிக்க விடுமுறையான மே 26-ஐயும் விட்டுவிட்டு முப்பது நாள் எண்ணியிருந்தார். வங்கியிலிருந்தும் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்தும் வரும் தகவல்களில் ‘வேலை நாட்கள்’ என்ற சொல்லைப் பார்த்துப் பழகிய நமக்கு அப்படி எண்ணத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் நாள் என்றால் காலண்டர் நாள். சனியும் ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் சேரும். விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான்: கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது அரசு விடுமுறையில் விழுந்தால், கெடு அடுத்த வேலை நாளின் முடிவுவரை நீளும். இடையில் எத்தனை விடுமுறை வந்தாலும் கெடு நகராது.

மகளிடமிருந்து கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் வாட்ஸ்அப்பில் வரவழைத்து, அவருடைய காலண்டரிலேயே மீண்டும் எண்ணினோம். ஏப்ரல் 22 முதல் நாள். முப்பதாவது நாள் மே 21. கடிதம் அஞ்சலில் அனுப்பப்பட்டதால் விதிப்படி மூன்று நாள் கூடும். ஆக மே 24, சனிக்கிழமை. கடிதத்திலும் அந்தத் தேதியே அச்சிடப்பட்டிருந்தது. சனியும் ஞாயிறும் கழிந்து வரும் திங்கள், மே மாதக் கடைசித் திங்கட்கிழமையில் வரும் மெமோரியல் டே என்னும் அரசு விடுமுறை. எனவே சட்டப்படியான கடைசி நாள் மே 27, செவ்வாய்க்கிழமை. அவர் வட்டமிட்டிருந்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே கதவு மூடிவிடும்.

மகளும் தனியாக ஒரு கணக்குப் போட்டிருந்தார். கடிதம் தன் கைக்கு வந்தது ஏப்ரல் 28 என்பதால், அன்றிலிருந்து முப்பது நாள் எண்ணி மே 28 என்று முடிவு செய்திருந்தார். அது ஒரே ஒரு நாள் தாமதம், ஆனாலும் தாமதம்தான். அஞ்சலில் சேர்த்த அன்றே கடிதம் வழங்கப்பட்டுவிட்டதாகத்தான் விதி கொள்கிறது. கடிதம் வழியில் ஏழு நாள் எடுத்துக்கொண்டாலும், அதற்காக விதி தரும் ஈடு அந்த மூன்று நாள்தான். முப்பது நாள் என்பதும் எல்லாருக்கும் பொதுவானதன்று: ஐ-539 படிவத்துக்கு வழக்கமாக முப்பது, பெரும்பாலான மற்றப் படிவங்களுக்கு எண்பத்து நான்கு. தோழிக்கு மூன்று மாதம் கிடைத்ததே என்று ஒப்பிட்டுத் தேற்றிக்கொள்ளக் கூடாது.

அடுத்து அவர் கேட்டது, “மே 27 அன்று அனுப்பிவிட்டு, தபால் முத்திரையில் அந்தத் தேதி இருந்தால் போதும்தானே?” என்பது. போதாது. அமெரிக்காவில் வருமான வரிப் படிவத்துக்குத் தபால் முத்திரைத் தேதி செல்லும். குடியேற்றத் துறைக்கு அனுப்பும் பதிலுக்குச் செல்லாது. கடிதத்தில் குறித்த அலுவலகத்தில் பதில் கெடுவுக்குள் கிடைத்திருக்க வேண்டும். கெடு கழிந்தும் அறுபது நாள் அவகாசம் உண்டு என்று இணையத்தில் சிலர் இன்னும் எழுதுகிறார்கள். அது கொரோனா காலச் சலுகை, 2023 மார்ச் 23-உடன் முடிந்துவிட்டது. இப்போது கூடுதல் நாள் கேட்டாலும் கொடுக்க விதியில் இடமில்லை. பதில் வராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதி மறுக்கப்படலாம். அப்படி மறுத்தால் மேல்முறையீடு கிடையாது, மறுதிறப்புக்கு மனுப் போடலாம் என்பது மட்டுமே மிச்சம். பதிலை இரண்டு தவணையாகவும் அனுப்ப முடியாது. ஒரு பகுதியை அனுப்பினால், இருப்பதை வைத்தே முடிவு செய்யுங்கள் என்று நாமே சொன்னதாக ஆகிவிடும்.

ஆகவே, விதி மே 27 வரை இடம் தந்தாலும், அச்சிட்ட தேதி சனிக்கிழமை என்பதால் அதற்கு முந்தைய வெள்ளி, மே 23-க்குள் உறை அங்கே போய்ச் சேர வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். விதியின் சலுகையை வாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம், திட்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கிருந்து பின்னோக்கி எண்ணியபோதுதான் நம் ஊர்க் காலண்டர் குறுக்கே வந்தது. மே 10 இரண்டாம் சனி, வங்கி கிடையாது, மறுநாள் ஞாயிறு. மே 12 அழகர் ஆற்றில் இறங்கும் நாள், மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்று மதுரைக்குள் வந்து நோட்டரியைத் தேடுவது நடக்கிற காரியமன்று. நம் விடுமுறை எதுவும் அமெரிக்கக் கெடுவை ஒரு நாள்கூடத் தள்ளாது, ஆனால் நம் கையில் உள்ள நாளை மட்டும் குறைத்துவிடும். எனவே வங்கி வேலையை மே 9-க்குள் முடிக்கச் சொன்னேன்.

அசல் தாள்களைக் கூரியரில் அனுப்பவே அவர் நினைத்திருந்தார். அசல்தான் வேண்டும் என்று கடிதம் கேட்காதவரை, தெளிவான நகல் ஏற்கப்படும். அதனால் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி, மகள் அங்கே அச்சிட்டு, குடியேற்றத் துறையின் கடிதத்தை மேலே வைத்து அனுப்பினால் போதும் என்று முடிவாயிற்று. தமிழில் இருந்த பட்டா நகலுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. உறையின் முகவரி தபால் பெட்டி எண்ணாக இருந்தால் தனியார் கூரியர் அங்கே கொடுக்க முடியாது என்பதையும் மகளிடம் சொல்லச் சொன்னேன். கூரியருக்கென வேறு முகவரி கடிதத்தில் இருந்தது.

நேர வேறுபாட்டால் ஒரு நாளை இழந்துவிடுவோமோ என்று அவருக்கு இருந்த பயம் தலைகீழானது. அமெரிக்கக் கடிகாரம் நமக்குப் பின்னால் ஓடுகிறது. கோடையில் மத்திய நேரப் பகுதிக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். மதுரையில் 27 காலை எட்டு மணி ஆகும்போது அங்கே 26 இரவு ஒன்பதரைதான். இழப்பு வருவது கிழக்கே இருக்கும் நாடுகளில். சிட்னி கோடை நேரத்தில் இருக்கும்போது அங்கே நள்ளிரவு ஆனால் நமக்கு மாலை ஆறரை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பதிவேற்றலாம் என்று உட்காருகிறவருக்கு அங்கே மறுநாள் பிறந்திருக்கும். ஆஸ்திரேலியக் குடியேற்ற விதியில், மின்னஞ்சலில் வரும் கடிதம் அனுப்பிய நாளின் முடிவிலேயே கிடைத்ததாகக் கொள்ளப்படும். நாம் எப்போது திறந்து பார்த்தோம் என்பது கணக்கில் வராது.

மே 15 அன்று ஸ்கேன்கள் போயின. 19, திங்களன்று மகள் கூரியரில் சேர்த்தார். 21 இரவு எட்டே முக்காலுக்குத் தந்தை தொலைபேசியில் அழைத்து, ‘டெலிவர்டு’ என்று திரையில் வந்திருப்பதாகவும், ஆனால் நேரம் காலை பத்தே காலைக் காட்டுவதாகவும் பதற்றத்துடன் சொன்னார். அது அங்கத்திய நேரம் என்று சொல்லி, அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்சிட்டு, பதிலின் நகலோடு சேர்த்து வைக்கச் சொன்னேன்.