டீம்ஸில் அழித்த மெசேஜ் எங்கே போகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆபீஸ் சாட்டில் மெசேஜ் அழிப்பதைப் பற்றி மதுரையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள் என்பதால் அதை வைத்தே விளக்குகிறேன்.

கேள்வி: வடபழஞ்சி ஐ.டி. பார்க்கில் வேலை பார்க்கிறேன் சார். ஒரு கோபத்தில் டீம் லீடரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாக எழுதி, கூட வேலை பார்ப்பவருக்கு டீம்ஸில் அனுப்பிவிட்டேன். பத்தே நிமிஷத்தில் டெலீட் செய்துவிட்டேன். ஹெச்.ஆர். நினைத்தால் அதைப் பார்க்க முடியுமா?

உங்கள் கம்பெனியில் ரிடென்ஷன் பாலிசி போட்டிருந்தால் முடியும். ரிடென்ஷன் பாலிசி என்பது மெசேஜ்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று நிர்வாகம் போட்டு வைக்கும் விதி. உங்கள் டெலீட் பட்டனைவிட அதற்குத்தான் அதிகாரம் அதிகம்.

டீம்ஸில் ஒருவருக்கு நீங்கள் மெசேஜ் அனுப்பினால், திரையில் தெரிவது போக, கம்பெனி கணக்கில் உங்களுக்கும் அவருக்கும் இருக்கிற மெயில் பெட்டிகளிலும் அதன் நகல் பதிவாகிறது. அது மறைவான ஒரு ஃபோல்டர். அவுட்லுக்கில் எவ்வளவு தேடினாலும் உங்கள் கண்ணுக்குப் படாது. நீங்கள் டெலீட் கொடுத்ததும் எதிராளியின் திரையில் `This message has been deleted` என்று வந்துவிடும். ஆனால் ரிடென்ஷன் பாலிசி இருந்தால், நகல் `SubstrateHolds` என்ற இன்னொரு மறைவான ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ரசீதுப் புத்தகத்தில் மேல்தாளைக் கிழித்துப் போட்டாலும் கார்பன் தாள் புத்தகத்திலேயே இருப்பது மாதிரி. அழிக்காமல் எடிட் செய்து, திட்டிய வரியை ‘குட் மார்னிங்’ என்று மாற்றினாலும் இதே கதைதான். முதலில் எழுதியது தனியாக நகலாகி நிற்கும்.

தேதி வைத்துப் பார்ப்போம். உங்கள் கம்பெனியின் பாலிசி ‘ஒரு வருஷம் வைத்திரு, பிறகு அழி’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மார்ச் 10-ஆம் தேதி 11.20-க்கு அனுப்பினீர்கள், 11.30-க்கு அழித்தீர்கள். ஜூலையில் டீம் லீடர் ஒரு புகார் கொடுக்கிறார். விசாரிப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் பர்வ்யூவில் இருக்கும் ஈ-டிஸ்கவரி என்ற தேடல் கருவியில் உங்கள் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடினால், அந்த வரி நீங்கள் எழுதியபடியே வரும். காலக்கெடு நீங்கள் அழித்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, மெசேஜ் உருவான நாளிலிருந்துதான். ஆகவே அடுத்த மார்ச் 10-ஆம் தேதியோடு ஒரு வருஷம் முடியும். அதன் பிறகு, பழையதைத் துடைக்கும் வேலை ஓடும்போது, பொதுவாக ஒன்றிலிருந்து ஏழு நாளுக்குள், அது நிரந்தரமாகப் போய்விடும். இடையில் வழக்கு அல்லது விசாரணைக்காக உங்கள் மெயில் பெட்டிக்கு ‘ஹோல்டு’ போட்டிருந்தால் அந்தக் கெடுவும் செல்லாது. ஹோல்டை எடுக்கும்வரை நகல் இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நகல் இரண்டு பேர் பெட்டியிலும் இருக்கிறது. உங்கள் பெட்டிக்கு எந்த விதியும் இல்லாமல், உங்கள் நண்பரின் பெட்டிக்கு மட்டும் விதி இருந்தாலும் மெசேஜ் அங்கே நிற்கும். இரண்டு பக்கமும் விதியே இல்லை என்றால், நீங்கள் அழித்தது பொதுவாகச் சில நாட்களில் உண்மையாகவே போய்விடும்.

இதனால் ஐ.டி. பிரிவில் இருக்கிற யார் வேண்டுமானாலும் பொழுதுபோக்காக உங்கள் சாட்டைப் புரட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈ-டிஸ்கவரியில் தேடத் தனி அனுமதி வேண்டும். அட்மின் தனக்குத்தானே அந்த அனுமதியைக் கொடுத்துக்கொள்ள முடியும் என்பது உண்மைதான், ஆனால் அனுமதி கொடுத்ததும், யார் என்ன தேடினார்கள் என்பதும் ஆடிட் பதிவில் விழும். பத்து நிமிஷத்தில் உங்கள் நண்பர் அதைப் படித்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்கக்கூடும் என்பதுதான் ஹெச்.ஆரைவிடக் கிட்டத்தில் இருக்கிற ஆபத்து.

கேள்வி: கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் இருக்கிறேன். நோயாளிகளின் பெயர், போன் நம்பர் இருந்த எக்ஸெல் ஃபைலைத் தவறுதலாக வேறு ஒருவருக்கு டீம்ஸ் சாட்டில் அனுப்பிவிட்டேன். உடனே மெசேஜை அழித்துவிட்டேன். போதுமா?

போதாது. நீங்கள் அழித்தது மெசேஜை மட்டும்தான், ஃபைல் அப்படியே இருக்கிறது. தனிப்பட்ட சாட்டில் ஒரு ஃபைலைச் சேர்த்தால், அது உங்கள் ஒன்டிரைவில் ஏறி, அங்கிருந்து எதிராளிக்குப் பகிரப்படுகிறது. சாட்டில் தெரிவது அதன் லிங்க். லிங்க்கை அழித்தாலும், பகிர்ந்த அனுமதி அதுவாகப் போகாது.

உடனே இதைச் செய்யுங்கள். பிரவுசரில் ஒன்டிரைவைத் திறந்து, `Microsoft Teams Chat Files` என்ற ஃபோல்டருக்குப் போங்கள். அந்த எக்ஸெல் ஃபைலின் மேல் வலது க்ளிக் செய்து `Manage access` கொடுத்தால் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்று காட்டும். முதலில் அவர் பெயரையும், பகிர்வு லிங்க் ஏதாவது இருந்தால் அதையும் நீக்குங்கள். அதன் பிறகு ஃபைலை அழிக்கலாம். டீம்ஸில் ஒரு சேனலில் போட்ட ஃபைலாக இருந்தால் அது ஒன்டிரைவில் இருக்காது, அந்த டீமின் ஷேர்பாயின்ட்டில் இருக்கும். அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னில் 93 நாள் வரை இருக்கும். ரிடென்ஷன் பாலிசி இருந்தால் அதையும் தாண்டி ஒரு நகல் பாதுகாக்கப்படும்.

இதைச் செய்த கையோடு ஐ.டி. பிரிவுக்கும் உங்கள் மேலாளருக்கும் எழுதிச் சொல்லுங்கள். எப்போது அனுப்பினீர்கள், யாருக்கு, எந்த ஃபைல், எத்தனை மணிக்கு அனுமதியை நீக்கினீர்கள் என்று நான்கு வரி போதும். அவர் ஃபைலைத் திறந்தாரா, இறக்கிக்கொண்டாரா என்பதை உங்களால் உறுதியாகப் பார்க்க முடியாது, அவர்களால் ஆடிட் பதிவில் பார்க்க முடியும். சாட் நகலையே வேரோடு எடுக்க வேண்டுமானாலும் அது அட்மின் செய்கிற வேலை. அவரும் முதலில் அந்தப் பெட்டியின் ஹோல்டையும் ரிடென்ஷனையும் விலக்கினால்தான் முடியும். சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருந்தால், பிற்பாடு வெளியே வரும்போது கைத்தவறு என்பது மறைத்த குற்றமாகத் தெரியும். அந்த நிலைக்கு நீங்கள் போகக்கூடாது.

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் நான். சீனியர் ஒருவர் ராத்திரி நேரத்தில் டீம்ஸில் தப்பான மெசேஜ் அனுப்புகிறார். நான் படித்ததும் அழித்துவிடுகிறார். ஸ்க்ரீன்ஷாட் எடுப்பதற்குள் போய்விடுகிறது. ஆதாரம் இல்லாமல் புகார் கொடுத்தால் யார் நம்புவார்கள்?

ஆதாரம் இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். முதல் பதிலில் சொன்ன அதே விஷயம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. அவர் அழித்த மெசேஜின் நகல் அவர் பெட்டியிலும் உங்கள் பெட்டியிலும் இருக்க வாய்ப்பு இருக்கிறது. அவருக்கு இது தெரியாது என்பதால்தான் அழித்தால் போதும் என்று நினைக்கிறார்.

ஆனால் நாள் கடத்தக்கூடாது. சில கம்பெனிகளில் சாட்டை 30 நாளிலேயே அழிக்கும்படி பாலிசி இருக்கும், சில இடங்களில் பாலிசியே இருக்காது. இரண்டு நிலையிலும் நகல் கைநழுவிப் போய்விடும். அதனால் புகார்க் கடிதத்திலேயே, ‘இன்னாருக்கும் எனக்கும் இடையிலான டீம்ஸ் உரையாடலை, இரண்டு பேர் மெயில் பெட்டிக்கும் இன்றே ஹோல்டு போட்டுப் பாதுகாக்க வேண்டும்’ என்று ஒரு வரி தனியாக எழுதுங்கள். ஹோல்டு விழுந்துவிட்டால், அந்த நேரத்தில் மிச்சமிருக்கிற நகல் எதுவும் அதன் பிறகு அழியாது.

கடிதத்தை ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி முடித்துவிடாமல், உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் குழு இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்ல சிவில் நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கும் இருக்கிறது. ஆகவே ‘அட்மின் தர மாட்டேன் என்கிறார்’ என்று அவர்கள் கைவிரிக்க முடியாது.

உங்கள் பங்குக்கு இரண்டு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு மெசேஜும் வந்த தேதி, ஏறக்குறைய நேரம், நினைவில் இருக்கிற வார்த்தைகள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஈ-டிஸ்கவரியில் தேடுபவருக்குத் தேதியும் நேரமும்தான் பிடி. அடுத்து, உங்கள் ஆபீஸ் மெயிலைப் பாருங்கள். நீங்கள் டீம்ஸைத் திறக்காத நேரத்தில் மெசேஜ் வந்தால், அதன் முதல் சில வார்த்தைகளோடு ஒரு மெயில் வருவதுண்டு. அவர் சாட்டில் அழித்தாலும் அந்த மெயில் உங்கள் இன்பாக்ஸில் நிற்கும். இருந்தால் அதை அழிக்காதீர்கள். `This message has been deleted` என்று வரிசையாக நிற்கிற திரையையும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ராத்திரி 11 மணிக்கு ஒரு சீனியர் தொடர்ந்து அனுப்பி அழித்திருக்கிறார் என்பதே கேள்வி கேட்கப் போதுமான விஷயம்.

கேள்வி: கப்பலூரில் சின்னத் தொழிற்கூடம் வைத்திருக்கிறேன். ஸ்லாக் இலவசத் திட்டம்தான். பணியாளர்கள் அழிக்கும் மெசேஜை நான் பார்க்க முடியுமா?

முடியாது. இலவசத் திட்டத்தில் நீங்கள் ஏற்றுமதி செய்து எடுக்க முடிவது பொதுச் சேனல்களை மட்டும்தான், தனிப்பட்ட சாட் வராது. திரையிலேயே 90 நாள் பழையதுவரைதான் தெரியும், ஒரு வருஷம் தாண்டியது அழிக்கப்பட்டுவிடும். ஆர்டர், விலை போன்ற பேச்சுகளைப் பணியாளர்கள் அழித்துவிடக்கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால் அவற்றைப் பொதுச் சேனலில் மட்டும் பேசச் சொல்லுங்கள். அப்புறம் செட்டிங்கில், மெசேஜ் அழிக்கும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றிவிடலாம். மாற்றினால் அதைப் பணியாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுத் திருமங்கலத்துக்கே வந்துவிட்டேன். பழைய கம்பெனியில் இருக்கிற என் சாட் முழுவதையும் அழிக்கச் சொல்லி உரிமையோடு கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முழுவதும் அழிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் எந்த நோக்கத்துக்காகத் தரவு எடுக்கப்பட்டதோ அதற்கோ, வேறொரு சட்டத்துக்கோ தேவைப்பட்டால் வைத்திருக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே ‘எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், எப்போது அழியும்’ என்று எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: என் டீம்ஸில் டெலீட் ஆப்ஷனே வரவில்லை. போன் கோளாறா?

போன் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அனுப்பியதை அழிக்கும் வசதியை அட்மின் மெசேஜிங் பாலிசியில் நிறுத்தி வைக்கலாம். லேப்டாப்பிலும் வரவில்லை என்றால் அதுதான் காரணம்.